"12 இஞ்ச் தொட்டி" என்றால் எந்த 12 இஞ்ச்? தொட்டி, தோட்டக் கருவிகளுக்கு விவரம் எழுதுவது பற்றி

மடிப்பாக்கம்_மாடி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே மாடித்தோட்டச் சாமான்கள் விற்கிறேன். தொட்டி, க்ரோ பேக், கைக்கரண்டி, கத்தரி, பூவாளி, இவ்வளவுதான். முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்போது சின்னதாக ஓர் இணையக் கடையும் போட்டிருக்கிறேன். படம் நன்றாகவே எடுத்துவிடுகிறேன். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு.

மொத்த வியாபாரி அனுப்பும் வரி இதுதான்: "12 இஞ்ச் பிரீமியம் ரவுண்ட் பாட், ஹெவி டியூட்டி, யுவி, வித் டிரெய்னேஜ்." அவரிடம் வாங்கும் எல்லோருமே இதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். போன வாரம் வேளச்சேரியிலிருந்து ஒருவர் தொட்டிக்கு உள்ளே டேப் வைத்துப் படம் அனுப்பியிருக்கிறார். பத்தரை இஞ்சை ஒட்டித்தான் நிற்கிறது. "மீதி ஒன்றரை இஞ்ச் எங்கே போச்சு?" என்று கேட்கிறார். வியாபாரியைக் கேட்டால் "இதுதான்மா 12 இஞ்ச், ஊரெல்லாம் இப்படித்தான்" என்கிறார்.

விட்டத்தை எப்படி எழுத வேண்டும்? வடிகால் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்? "யுவி" என்று போடலாமா, கூடாதா? வாங்குபவர் படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காமல் முடிவெடுக்கும்படி எழுத ஆசை.

ராயபுரம்_ராஜா:

சகோதரி, பிளாஸ்டிக்கே வேண்டாம். கொசப்பேட்டைப் பக்கம் போய் நல்ல மண் தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். செடிக்கும் குளிர்ச்சி, பார்க்கவும் அழகு. 12 இஞ்சில் தக்காளி, கத்தரி எல்லாம் தாராளமாக வரும்.

மடிப்பாக்கம்_மாடி:

அண்ணா, நான் வாங்குகிறவள் இல்லை, விற்கிறவள் 🙂 மண் தொட்டியும் வைத்திருக்கிறேன். அதற்கும் விவரம் எழுதியாக வேண்டும்.

பழைய_மோல்டர்:

அம்பத்தூர் எஸ்டேட்டில் இஞ்செக்ஷன் மோல்டிங் பட்டறையில் பல வருஷம் இருந்தவன். தொட்டியும் ஓட்டியிருக்கிறேன், வாளியும் ஓட்டியிருக்கிறேன்.

உங்கள் வியாபாரி சொல்வது பொய் இல்லை. தொழிலில் 12 இஞ்ச் என்றால் வாயின் வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்பு வரைதான். தொட்டியின் விளிம்பு வெளியே மடிந்திருக்கும். அந்த மடிப்புதான் வாய்க்கு பலம், தூக்கவும் அதுவே பிடி. அதில் இரண்டு பக்கமும் ஒன்றரை, இரண்டு செ.மீ. போய்விடும். உங்கள் ஒன்றரை இஞ்ச் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் மண்ணை விளிம்பிலா கொட்டப் போகிறார்? அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஐந்து அளவு எடுத்துப் போடுங்கள்: வாய் வெளி விட்டம், வாய் உள் விட்டம், அடியின் உள் விட்டம், உள் ஆழம், காலித் தொட்டியின் எடை. எல்லாம் செ.மீ., கிராமில். அப்புறம் பேசலாம்.

மடிப்பாக்கம்_மாடி:

இதோ சார். வாய் வெளியே 30.5. உள்ளே 27. அடி உள்ளே 20. உள் ஆழம் 26. எடை சமையலறைத் தராசில் 410 கிராம். அடியில் நான்கு வட்டம் இருக்கிறது, ஆனால் அவை ஓட்டை இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் மூடியிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால்தான் வருகிறது.

கணக்குப்புலி_அண்ணாநகர்:

இது ரொம்ப சுலபம். ஆரம் 15.25, உயரம் 26. பை ஆர் ஸ்கொயர் எச். 19 லிட்டர். "19 லிட்டர் தொட்டி" என்று போட்டுவிடுங்கள், இஞ்ச் பிரச்சினையே வராது.

பழைய_மோல்டர்:

லிட்டர் போடலாம் என்கிற யோசனை சரி தம்பி. 19 தான் சரியில்லை. நீங்கள் போட்டது நேர்க்குழாய்க்கான கணக்கு. தொட்டி கீழே குறுகுகிறது. மேலும் வெளி விட்டத்தை எடுத்துவிட்டீர்கள். குறுகும் பாத்திரத்துக்கு உள் அளவுகளை வைத்து இப்படிப் போட வேண்டும்:

```
V = 0.2618 × h × (D² + D×d + d²)
```

D வாயின் உள் விட்டம், d அடியின் உள் விட்டம், h உள் ஆழம். எல்லாம் செ.மீ.யில் போட்டால் விடை கன செ.மீ.யில் வரும். 1000 ஆல் வகுத்தால் லிட்டர். இந்தத் தொட்டிக்கு 0.2618 × 26 × (729 + 540 + 400). கிட்டத்தட்ட 11.4 லிட்டர்.

அதையும் அப்படியே எழுத மாட்டேன். யாரும் விளிம்பு வரை மண் நிரப்புவதில்லை. தண்ணீர் நிற்க மேலே 3 செ.மீ. விடுவார்கள். அதைக் கழித்தால் 9.7 லிட்டர். ஆக, "மண்கலவை சுமார் 10 லிட்டர் பிடிக்கும்". 19 என்று எழுதியிருந்தால் அவர் 19 லிட்டர் கோகோபீட் கலவை வாங்கி, பாதியை மாடிப்படியில் வைத்திருப்பார்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. தொட்டிக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, மேல் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். சதுரத் தொட்டி, தொங்கும் தொட்டி, பானை மாதிரி வயிறு பெருத்தது, எல்லாவற்றுக்கும் இது போதும்.

வேப்பம்பூ_மயிலை:

லிட்டரோடு எடையும் வேண்டும் மோல்டர் சார். பழைய வீட்டு மாடியில் வைப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். செம்மண் தூக்கலான கலவையில் தண்ணீர் ஊற்றிய பிறகு இந்தத் தொட்டி 16, 17 கிலோவுக்கு வந்துவிடும். கோகோபீட்டும் மண்புழு உரமும் அதிகமான கலவை என்றால் சுமார் 10 கிலோ. பால்கனிக் கம்பியில் மாட்டுகிற தொட்டிக்கு ஈர எடை எழுதாமல் விற்கவே கூடாது என்பது என் கட்சி.

கொளத்தூர்_கறிவேப்பிலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே மாதிரி 12 இஞ்ச் தொட்டிதான். கறிவேப்பிலை வைத்தேன். வெயில் காலம் முழுக்க ஜோராக இருந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது. புளித்த மோர் ஊற்றிப் பார்த்தேன், எப்சம் உப்பும் போட்டேன். வேறு என்ன உரம் போடலாம்?

வேப்பம்பூ_மயிலை:

உரத்தை நிறுத்துங்கள் தம்பி. மோரையும்தான். தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். மேலே மடிப்பாக்கம் அம்மா சொன்ன நான்கு வட்டம் திறந்திருக்கிறதா?

இந்த இழைக்கும் அதுதான் விஷயம். "வித் டிரெய்னேஜ்" என்று போட்ட தொட்டியை வாங்குகிறவர், ஓட்டை இருக்கிறது என்று நம்பி மண்ணைப் போட்டுவிடுகிறார். வெயில் காலத்தில் ஊற்றிய தண்ணீர் அன்றன்றைக்கே காய்ந்துவிடுவதால் குறை தெரிவதில்லை. சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மூடிய தொட்டி அப்போது குளமாகிவிடும். வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும், சத்து இல்லாவிட்டாலும் மஞ்சளாகும். மக்கள் உரக்கடைக்குத்தான் ஓடுகிறார்கள்.

அதனால் விவரத்தில் தெளிவாக எழுதுங்கள்: "அடியில் 4 துளைகளுக்கான இடம் உண்டு; மூடியபடி வரும்; நடுவதற்கு முன் தட்டித் திறக்கவும்." துளையின் விட்டத்தையும் போடுங்கள். அடிப்பக்கப் படம் ஒன்று கட்டாயம். எந்தக் கடையிலும் தொட்டியின் முகத்தைத்தான் காட்டுகிறார்கள், எனக்கு அடியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. துளை தட்டையான அடியில் இருந்து, தொட்டிக்குக் காலும் இல்லை என்றால், சமமான சிமெண்ட் தரையில் வைத்ததும் தரையே துளையை அடைத்துக்கொள்ளும். அடி வளைவின் பக்கவாட்டில் துளை இருந்தால், அல்லது அடியில் அரை செ.மீ. உயரத்துக்கு மேடு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கணக்குப்புலி_அண்ணாநகர்:

வடிகாலுக்கு அடியில் ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டால் போதுமே. ஓட்டை எப்படி இருந்தாலும் தண்ணீர் ஜல்லிக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

வேப்பம்பூ_மயிலை:

பரவலாகச் சொல்கிறார்கள், ஆனால் நடப்பது வேறு. மேலே இருக்கும் கலவை நன்றாக ஊறி நிரம்பும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் சொட்டாது. நுண்ணிய மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெரிய கல்லுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரச் சேறு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். வேருக்கு இருந்த ஆழத்தில் ரெண்டு இஞ்ச் நஷ்டம்.

நம்பிக்கை இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றை எடுங்கள். நீளமானதாக இருக்கட்டும். தண்ணீரில் முக்கி, கையில் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். நின்றதும் பிழியாமல், மெதுவாக நெடுக்காக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அதே ஸ்பாஞ்சு, அதே ஓட்டைகள். மாறியது உயரம் மட்டும்தான். ஒரே கலவையைப் போட்டால் ஆழமான தொட்டியிலும் அகலத் தட்டைத் தொட்டியிலும் அடியில் நிற்கும் ஈரச் சேற்றின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். 26 செ.மீ. ஆழத்தில் அது சின்னப் பங்கு. 10 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் பாதி வேர் அதில்தான் நிற்கும்.

ஆக, உள் ஆழத்தை எழுதுவதும் வடிகாலைப் பற்றி எழுதுவதுதான். துளை மேல் மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டுத் துண்டோ கொசு வலைத் துண்டோ வைப்பதில் தவறில்லை.

கொளத்தூர்_கறிவேப்பிலை:

சாய்த்துப் பார்த்தேன் மேடம். நான்கில் ரெண்டு திறந்திருக்கிறது. தண்ணீரும் வருகிறது. ஆனால் மெதுவாக. அப்படியென்றால் வேர் அழுகல் இல்லையா?

வேப்பம்பூ_மயிலை:

இங்கிருந்து சொல்ல முடியாது தம்பி. மற்ற இரண்டையும் திறந்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். புதுத் துளிர் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கலவையே களிமண் மாதிரி இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தட்டோடு விற்பதானால் "தட்டு தனியாகக் கழலும்" அல்லது "கழலாது" என்று போடுங்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது தொட்டித் தட்டில்தான்.

மடிப்பாக்கம்_மாடி:

ரொம்ப உபயோகம் அம்மா. இனி வெயில் விஷயத்துக்கு வருவோமா? வியாபாரியிடம் "யுவி என்றால் என்ன?" என்று கேட்டேன். "வெயிலில் வைக்கலாம்னு அர்த்தம்" என்கிறார்.

கணக்குப்புலி_அண்ணாநகர்:

தடிமன்தான் முக்கியம். தடிமனான தொட்டி என்றால் யுவி தாங்கும். க்ரோ பேக்கிலும் ஜிஎஸ்எம் கூடினால் யுவி கூடும். கறுப்பு என்றால் இன்னும் உத்தமம்.

பழைய_மோல்டர்:

கறுப்பு பற்றிச் சொன்னது சரி, தடிமன் பற்றிச் சொன்னது பாதிதான் சரி.

நீங்கள் விற்பது பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். இல்லாவிட்டால் யார் செய்தது என்றே சொல்ல முடியாத சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிபிக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. மேற்பரப்பில் தொடங்கி அதன் சங்கிலிகள் அறுந்துகொண்டே போகும். முதலில் பளபளப்பு போகும். அப்புறம் விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். அதற்கும் பிறகு மயிரிழை மாதிரிக் கீறல். கடைசியில் ஒரு நாள் மண்ணோடு விளிம்பைப் பிடித்துத் தூக்கும்போது விளிம்பு மட்டும் கையோடு வந்துவிடும். தடிமன் கூடினால் இது தாமதமாகும், நிற்காது.

இதைத் தடுக்க, மோல்டிங்கின்போதே யுவி மாஸ்டர்பேட்ச் என்று ஒரு குருணை கலக்க வேண்டும். வழக்கமாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு. விலை அதிகம் என்பதால் சிலர் குறைப்பார்கள், சிலர் போடவே மாட்டார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. புதுத் தொட்டி இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கறுப்பு வேறு கதை. கரித்தூளே கதிரை விழுங்கிக்கொள்ளும். கறுப்புத் தண்ணீர்க் குழாய்க்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4984, கரித்தூள் சுமார் 2.5 சதவீதம் இருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். தொட்டியிலும் கரித்தூள் போதுமான அளவு, சீராகக் கலந்திருந்தால் நன்றாகத் தாங்கும். ஆனால் "கறுப்பாக இருக்கிறது" என்பதற்கும் "போதுமான கரித்தூள் இருக்கிறது" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கலவைப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கினால் நிறம் கண்டபடி வரும். அதை மறைக்கவும் கறுப்பு ஊற்றுவார்கள். வாங்கியதும் மூக்கில் ஏறும் நாற்றம், மேலே புள்ளி புள்ளியாகக் கட்டிகள், விளிம்பை இரண்டு கையால் நசுக்கினால் நெறுநெறு என்ற சத்தம், இவை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வேப்பம்பூ_மயிலை:

கறுப்புத் தொட்டி நீடிக்கும், சரி. உள்ளே இருக்கும் செடி நீடிக்குமா? மே மாதம் மேற்குப் பார்த்த மாடியில் கறுப்புத் தொட்டியின் வெயில் பட்ட பக்கத்தில் கை வைக்க முடியாது. அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். தொட்டியிலிருந்து மண்கட்டியை உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை வேர், மறுபக்கம் பழுப்பு. "வெயில் தாங்கும்" என்று ஒரே சொல்லில் முடித்தால் எதைத் தாங்கும் என்று புரியாது. பிளாஸ்டிக் தாங்குவது தனி, வேர் தாங்குவது தனி. கறுப்புத் தொட்டி விவரத்தில் "நேர்வெயிலில் வரிசையாக நெருக்கி வைக்கவும், வெளிப்பக்கத்துக்கு நிழல் கொடுக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பாரிஸ்_பக்கம்_கடை:

நானும் இதே வியாபாரம்தான். நீங்கள் எல்லாம் எழுதச் சொல்வதை எழுதினால் ஒரு தொட்டிகூடப் போகாது. வாடிக்கையாளர் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை வருஷம் வரும்? நான் "5 வருஷம்" என்று போடுகிறேன். எல்லோரும் போடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து பில்லோடு யார் வரப் போகிறார்கள்?

பழைய_மோல்டர்:

அண்ணாச்சி, அது உங்கள் இஷ்டம். ஆனால் வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? தயாரித்தவர் எழுத்தில் கொடுத்தால் "தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம்" என்று அவர் பெயரில் போடலாம். சோதனைக்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் இத்தனை மணி நேரம் வைத்தோம் என்று சிலர் தாள் கொடுப்பார்கள். அந்த மணியை நேராகச் சென்னை மாடி வருஷமாக மாற்ற முடியாது. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. பெங்களூரில் நிழல் வலைக்குக் கீழே இருக்கும் தொட்டியும், இங்கே தண்ணீர்த் தொட்டி மேல் காயும் தொட்டியும் ஒரே வயது வாழாது.

மடிப்பாக்கம் அம்மா, நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தொட்டியைப் பலி கொடுங்கள். சுவரிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பாதியை பீரோவில் வையுங்கள், பாதியை மாடியில் மறைப்பே இல்லாத இடத்தில் கம்பியில் கட்டிவிடுங்கள். பட்டைமேல் வாங்கிய மாதத்தை எழுதுங்கள். மாதம் ஒரு முறை இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து, முனைகள் தொடும்படி மடியுங்கள். பீரோப் பட்டை மடியும், மடிப்பில் வெளுக்கலாம், ஆனால் ஒடியாது. மாடிப் பட்டை படக்கென்று ஒடிந்தால் அந்தச் சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒரு கோடையைத் தாண்டியதும் "எங்கள் மாடியில் ஒரு கோடை முழுக்க நேர்வெயிலில் வைத்துப் பார்த்தது" என்று தைரியமாக எழுதலாம். நிறம் வெளிறுவதைத் தனியாகப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறும். வெளிறியும் பலம் போகாத தொட்டி உண்டு, நிறம் அப்படியே இருந்து ஒடிகிற தொட்டியும் உண்டு.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இது அந்த லாட்டுக்குத்தான் சாட்சி. அடுத்த லாட்டில் மாஸ்டர்பேட்சைக் குறைத்தால் உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எடை கேட்டேன். 410 கிராம் தொட்டி அடுத்த முறை 350க்கு வந்தால் ஏதோ மாறியிருக்கிறது. "ஹெவி டியூட்டி" என்பதை எடுத்துவிட்டு "காலி எடை சுமார் 400 கிராம்" என்று போடுங்கள்.

பாரிஸ்_பக்கம்_கடை:

ஒரு கோடை காத்திருந்தால் என் கடையை மூட வேண்டியதுதான் சார். ஐந்து வருஷம் போட்டவன் விற்றுக்கொண்டு போய்விடுவான். "சுமார் 400 கிராம்" என்பது யாருக்குப் புரியும்?

ராயபுரம்_ராஜா:

அதனால்தான் மண் தொட்டி என்றேன். வெயில் ஒன்றும் பண்ணாது.

வேப்பம்பூ_மயிலை:

அதில் ராஜா தம்பி சொல்வது உண்மை. சுட்ட மண்ணை வெயில் அரிக்காது. ஆனால் அதற்கும் எழுத வேண்டியது இருக்கிறது. சுவர் வழியாகவே ஈரம் போவதால் கோடையில் கூடுதல் தண்ணீர் கேட்கும். நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் வெளியே வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சை என்று பயந்து திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடித்த மண் தொட்டி என்றால் அதே ஈரம் பெயிண்டைப் பின்னாலிருந்து உரித்துவிடும். கையால் வனைந்து சூளையில் சுடுவதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, விட்டத்தில் "ஒரு செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று போட்டுவிடுங்கள். துளை நடுவில் ஒன்றுதான் இருக்கும். சில நேரம் அதுவும் களிமண் அடைத்துக் கிடக்கும்.

பெசன்ட்நகர்_உப்புக்காற்று:

கருவிகள் பற்றி யாரும் பேசவில்லையே. கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறேன். "ரஸ்ட் ப்ரூஃப்" என்று வாங்கிய கத்தரி ஒரு மழைக்காலத்தில் செம்பட்டை அடித்துவிட்டது. வெட்டு என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய_மோல்டர்:

வெட்டு நன்றாக இருக்கிறது என்றால் அது கார்பன் ஸ்டீலாக இருக்கும். எஸ்கே5 என்று அலகில் பொறித்திருக்கிறதா பாருங்கள். கூர் நிற்கும், ஆனால் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவை அதிகம் தாங்கும், ஆனால் மலிவு ரகங்களில் கூர் சீக்கிரம் மழுங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதினால் சந்தேகப்படுங்கள். மேலே பூசிய கறுப்புப் பூச்சு கூர் முனையில் இருக்காது, முதல் சாணையிலேயே போய்விடும்.

கத்தரியில் "8 இஞ்ச்" என்பது மொத்த நீளம். வாங்குபவருக்கு வேண்டியது எத்தனை மி.மீ. தடிமனுள்ள பச்சைக் கிளையை வெட்டும் என்பது. அதை உங்கள் வீட்டு முருங்கைக் கிளையில் பார்க்காதீர்கள், அது பஞ்சு. செம்பருத்தியில் பாருங்கள்.

கைக்கரண்டியில் நான் பார்ப்பது கழுத்து ஒன்றைத்தான். இறுகிய செம்மண்ணில் குத்தி நெம்பும்போது தட்டு வளைவதில்லை, கைப்பிடிக்குள் நுழையும் இடம்தான் வளைகிறது. கழுத்துக் கம்பியின் தடிமன், அது தட்டோடு ஒரே துண்டா, பற்றவைத்ததா, கைப்பிடி மரமா, ரப்பரா. இவ்வளவும் எழுதினால் போதும். ரப்பர்ப் பிடியை மாடியில் வெயிலில் போட்டுவைத்தால் நாளடைவில் பிசுபிசுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்புலி_அண்ணாநகர்:

ஒரு சட்ட விஷயம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொதிப்பொருள் விதிகள் ஆன்லைன் விற்பனைக்கும் உண்டு. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எம்ஆர்பி, புகாருக்கு எண், இதெல்லாம் பக்கத்தில் தெரிய வேண்டும். அளவு செ.மீ.யில்தான். இஞ்சே போடக் கூடாது.

பழைய_மோல்டர்:

செ.மீ. முதலில் வரட்டும், அளவாக அதுதான் நிற்க வேண்டும். ஆனால் ஜனங்கள் தேடுவது "12 இஞ்ச் தொட்டி" என்றுதானே. பக்கத்தில் வழக்குப் பெயராக இஞ்சையும் சொல்லாமல் எப்படி விற்பது?

மடிப்பாக்கம்_மாடி:

எல்லோரும் சொன்னதை வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

"வட்டத் தொட்டி, பிபி பிளாஸ்டிக், செங்கல் நிறம். வாய் விட்டம் வெளியே 30.5 செ.மீ., உள்ளே 27 செ.மீ. (கடைகளில் 12 இஞ்ச் என்று சொல்லும் அளவு). உள் ஆழம் 26 செ.மீ. மேலே 3 செ.மீ. விட்டு நிரப்பினால் சுமார் 10 லிட்டர் கலவை பிடிக்கும். காலி எடை சுமார் 400 கிராம்; செம்மண் கலவையில் நனைந்தபின் சுமார் 16 கிலோ. அடியில் 4 துளைகள், மூடியபடி வரும், நடுவதற்கு முன் தட்டித் திறக்கவும் (படம் 3 பார்க்கவும்). அடி தட்டையானது, செங்கல் மேலோ ஸ்டாண்ட் மேலோ வைக்கவும். தட்டு சேர்த்தி இல்லை. யுவி மாஸ்டர்பேட்ச் கலந்தது என்று தயாரிப்பாளர் கூறுகிறார். எங்கள் வெயில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. திறந்த மாடியில் நிறம் வெளிறக்கூடும். மண் நிரம்பிய தொட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம்."

வேப்பம்பூ_மயிலை:

நன்றாக வந்திருக்கிறது. துளை விட்டம் விட்டுப்போய்விட்டது. "எதற்கு ஏற்றது" என்றும் ஒரு வரி சேருங்கள்: மிளகாய், கத்தரி, செம்பருத்திக் கன்று. முருங்கை, எலுமிச்சைக்கு இது போதாது. தக்காளிக்குப் போதுமா என்று கேட்டால் குட்டை ரகத்துக்குப் போதும் என்பேன்.

ராயபுரம்_ராஜா:

நெட்டை ரகமே என் வீட்டில் 12 இஞ்சில் காய்த்தது.

வேப்பம்பூ_மயிலை:

காய்க்கும் தம்பி, ஆனால் மே மாதம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய_மோல்டர்:

"தயாரிப்பாளர் கூறுகிறார்" என்பதை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? பில்லிலேயே "யுவி மாஸ்டர்பேட்ச் இத்தனை சதவீதம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் அந்த வரியை எடுத்துவிட்டு சோதனை வரியை மட்டும் வையுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி:

கேட்டேன் சார். "கேட்டுச் சொல்றேன்மா" என்றார். இன்னும் சொல்லவில்லை. அதுவரைக்கும் அந்த வரியை எடுத்துவிடுகிறேன். பட்டை வெட்டி மாடியில் கட்டியாகிவிட்டது, மூன்று நிறம்.

பாரிஸ்_பக்கம்_கடை:

அந்தப் பட்டை ஒடிந்தால் இங்கே போடுங்கள் அம்மா. நானும் அதே ஆளிடம்தான் வாங்குகிறேன்.